அதிகம் தேடப்படும் பெயர் ஏன் எப்போதும் உச்சியில் இருப்பதில்லை?

யாழ்ப்பாணம் மத்திய பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பஸ்களின் நேரத்தைச் சொல்லும் சிறிய செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அது சொல்ல வேண்டும். கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கும் வசதிக்காக ஐந்து ஊர்களோடு நிறுத்திக்கொள்கிறேன். அகர வரிசையில் அச்சுவேலி, காரைநகர், கொடிகாமம், சாவகச்சேரி, பருத்தித்துறை. நூறு தேடல்களில் இவை முறையே 12, 18, 10, 28, 32 தடவை கேட்கப்படுகின்றன என்று வைப்போம். எண்கள் உதாரணத்துக்காக நானே எடுத்தவை. ஆனாலும் உண்மையான எந்தப் பதிவிலும் இப்படித்தான் இருக்கும்: சில பெயர்களை எல்லோரும் கேட்பார்கள், சில பெயர்களை எப்போதாவது ஒருவர் கேட்பார்.

இந்தப் பெயர்களை இருமத் தேடல் மரமாக அடுக்கினால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெயர் இருக்கும். அகர வரிசையில் அதற்கு முந்தியவை இடப்பக்கம், பிந்தியவை வலப்பக்கம். தேடும்போது உச்சியில் உள்ள வேரிலிருந்து தொடங்கி, ஒப்பிட்டு, ஒன்றில் அங்கேயே நிற்போம், இல்லாவிட்டால் இடமோ வலமோ இறங்குவோம். வேரில் உள்ள பெயருக்கு ஓர் ஒப்பீடு, அதற்கு அடுத்த மட்டத்துக்கு இரண்டு, அதற்குக் கீழே மூன்று. ஆகவே ஒரு மரத்தின் செலவு என்பது, ஒவ்வொரு பெயரும் தேடப்பட்ட எண்ணிக்கையை அது இருக்கும் மட்டத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிய தொகை. அந்தத் தொகை மிகக் குறைவாக வரும் மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வி.

பெரும்பாலானோருக்கு முதலில் வரும் யோசனை இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, எண்ணிக்கையைக் கவனிக்காமல் நடுப்பெயரை வேராக வைத்து மரத்தைச் சமமாகப் பிரிப்பது. அப்படிச் செய்தால் கொடிகாமம் வேர். அதன் இடப்பக்கம் காரைநகர், அதற்குக் கீழ் அச்சுவேலி. வலப்பக்கம் பருத்தித்துறை, அதற்குக் கீழ் சாவகச்சேரி. செலவு 10 + 36 + 36 + 64 + 84, அதாவது 230.

மற்ற யோசனை, அதிகம் தேடப்படும் பெயரை உச்சியில் வைத்துவிட்டு, மிச்சத்திலும் அதையே திரும்பச் செய்வது. பருத்தித்துறை வேர். அது அகர வரிசையில் கடைசிப் பெயர் என்பதால் மற்ற நான்கும் அதன் இடப்பக்கம் போய்விடும். அங்கே பெரியது சாவகச்சேரி. அதற்கும் இடப்பக்கம்தான் மற்ற மூன்றும். அவற்றில் காரைநகர் மேலே, அச்சுவேலியும் கொடிகாமமும் நான்காம் மட்டத்தில். செலவு 32 + 56 + 54 + 48 + 40. இதுவும் 230. எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாத மரத்துக்கும், எண்ணிக்கையை மட்டுமே பார்த்துக் கட்டிய மரத்துக்கும் ஒரே விலை!

ஆனால் இதே பெயர்களையும் இதே எண்ணிக்கைகளையும் வைத்து 194 ஒப்பீடுகளில் முடிக்கும் மரம் ஒன்று இருக்கிறது:

```
            சாவகச்சேரி
            /        \
      காரைநகர்    பருத்தித்துறை
       /     \
அச்சுவேலி  கொடிகாமம்
```

பருத்தித்துறை வேரில் இல்லை. அதை வேரில் வைத்தால் கிடைக்கும் இலாபம் 32 ஒப்பீடுகள்தான். ஆனால் பட்டியலின் ஓரத்தில் இருக்கும் பெயர் வேரானால் ஒரு பக்கம் காலியாகிவிடும், மற்ற எல்லாம் ஒரே பக்கமாகச் சரியும். அந்தச் சரிவின் செலவு இலாபத்தை விழுங்கிவிடுகிறது. பருத்தித்துறையை வேரில் வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, கீழே உள்ள நான்கையும் எவ்வளவு திறமாக அடுக்கினாலும் 228-க்குக் கீழே போக முடியாது.

சரி, 194-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? ஐந்து பெயர்களுக்கு மொத்தம் 42 வடிவங்கள்தான், எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கலாம். பத்துப் பெயர்களுக்கு 16,796. இருபது என்றால் 650 கோடியைத் தாண்டும். எழுதிப் பார்க்கும் வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

வழி திறப்பது ஒரு சாதாரண கவனிப்பிலிருந்து. தேடல் மரத்தில் எந்தக் கணுவை எடுத்து அதன் கீழ் உள்ளவற்றைப் பார்த்தாலும், அவை அகர வரிசையில் இடைவெளி இல்லாத ஒரு தொடராகவே இருக்கும். காரைநகரும் சாவகச்சேரியும் ஒரு கிளை மரத்தில் இருந்தால் நடுவில் உள்ள கொடிகாமமும் அதற்குள்தான் இருந்தாக வேண்டும். ஆகவே மரங்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், கிளை மரமாக வரக்கூடிய பெயர்த் தொகுதிகள் மிகக் குறைவு. ஐந்து பெயர்களுக்கு 15 தொடர்கள், இருபதுக்கு 210. ஒவ்வொரு தொடருக்கும் மிக மலிவான மரம் எது என்று ஒரு தடவை கண்டு எழுதிவைத்தால், அதைப் பிறகு எங்கு வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம். டைனமிக் புரோகிராமிங் இங்கே பொருந்துவது இதனால்தான்.

ஒட்டும்போது செலவு எப்படி மாறுகிறது என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கிளை மரத்தை இன்னொரு கணுவின் கீழ் வைத்தால், அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு மட்டம் கீழே இறங்குகிறது. அதனால் செலவு கூடுவது அந்தக் கிளையில் உள்ள எண்ணிக்கைகளின் மொத்தம் அளவுக்கு. இரு கிளைகளும் இப்படி இறங்குகின்றன. வேர் தன் பங்குக்கு, தன்னைத் தேடும் ஒவ்வொரு தடவைக்கும் ஓர் ஒப்பீட்டைச் சேர்க்கிறது. மூன்றையும் கூட்டினால் அந்தத் தொடர் முழுவதின் எண்ணிக்கைகளும் ஒரு தடவை வந்துவிடுகின்றன. ஆகவே எந்தப் பெயரை வேராக எடுத்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. மாறுவது இடக் கிளையின் செலவும் வலக் கிளையின் செலவும் மட்டும்:

```
e[i][j] = w[i][j] + min( e[i][r-1] + e[r+1][j] ),  i ≤ r ≤ j
```

இதில் `w[i][j]` என்பது i-ஆம் பெயரிலிருந்து j-ஆம் பெயர் வரை உள்ள எண்ணிக்கைகளின் கூட்டல். `r` என்பது வேராக முயன்று பார்க்கும் பெயர். வெறும் கிளையின் செலவு பூச்சியம். கிளைகள் ஒவ்வொன்றும் தம்மளவில் மிக மலிவாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. இடப்பக்கக் கிளையை இன்னும் மலிவான ஒன்றால் மாற்ற முடிந்தால், வலப்பக்கத்தைத் தொடாமலே மொத்தச் செலவைக் குறைத்துவிடலாம்.

இனி அட்டவணையை நிரப்புவோம். ஒற்றைப் பெயர்த் தொடர்களின் செலவு அவற்றின் எண்ணிக்கையேதான்: 12, 18, 10, 28, 32. இரட்டைகளில் பெரியது மேலே நிற்கும். அச்சுவேலி–காரைநகர் 42, காரைநகர்–கொடிகாமம் 38, கொடிகாமம்–சாவகச்சேரி 48, சாவகச்சேரி–பருத்தித்துறை 88. இதுவரை ‘பெரியதை மேலே வை’ என்ற யோசனை தப்பவில்லை. மூன்று பெயர்த் தொடர்களில் முதலாவதுக்குக் காரைநகரும், மற்ற இரண்டுக்கும் சாவகச்சேரியும் வேராக வருகின்றன. செலவுகள் 62, 94, 112. கடைசித் தொடரில்தான், அதாவது கொடிகாமம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்ற மூன்றில், முதல் தடவையாகப் பெரிய எண் வேராகவில்லை.

நான்கு பெயர்த் தொடரில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அச்சுவேலி முதல் சாவகச்சேரி வரை உள்ள தொடரின் கூட்டல் 68. அச்சுவேலியை வேராக வைத்தால் கிளைச் செலவு 94. காரைநகரை வைத்தால் இடப்பக்கம் 12, வலப்பக்கம் 48, ஆக 60. கொடிகாமத்தை வைத்தால் 42-ம் 28-ம் சேர்ந்து 70. சாவகச்சேரியை வைத்தால் இடப்பக்கம் 62, வலப்பக்கம் ஒன்றுமில்லை. ஆக வெல்வது காரைநகர், அதுவும் 62-க்கு எதிராக 60 என்ற நூலிழை வித்தியாசத்தில். தேடல் எண்ணிக்கையில் 18 மட்டுமே உள்ள பெயர், 28 உள்ள பெயரைக் கீழே தள்ளிவிட்டு வேராகிறது. இப்படி இரண்டு ஒப்பீடுகளில் தீர்மானமாகும் இடங்களைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அட்டவணை தேவைப்படுவது இங்கேதான்.

காரைநகர் முதல் பருத்தித்துறை வரையான மற்ற நான்குக்குச் சாவகச்சேரி வேர், செலவு 158. கடைசியாக முழுத் தொடர். கூட்டல் 100. ஐந்து வேர்களுக்கும் கிளைச் செலவுகள் முறையே 158, 124, 130, 94, 128. சாவகச்சேரி 94-உடன் வெல்கிறது, மொத்தம் 194. எந்த வேர் வென்றது என்பதையும் ஒவ்வோர் அறையிலும் குறித்துவைத்திருந்தால் மரத்தை மேலிருந்து கீழாகத் திரும்பக் கட்டிவிடலாம். முழுத் தொடரின் வேர் சாவகச்சேரி, அதன் இடப்பக்கத் தொடரின் வேர் காரைநகர், அப்படியே இறங்க வேண்டியதுதான்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def best_tree(p, q):
    n = len(p) - 1
    e = [[0] * (n + 1) for _ in range(n + 2)]
    w = [[0] * (n + 1) for _ in range(n + 2)]
    root = [[0] * (n + 1) for _ in range(n + 2)]
    for i in range(1, n + 2):
        w[i][i-1] = q[i-1]
    for size in range(1, n + 1):
        for i in range(1, n - size + 2):
            j = i + size - 1
            w[i][j] = w[i][j-1] + p[j] + q[j]
            e[i][j], root[i][j] = min(
                (e[i][r-1] + e[r+1][j] + w[i][j], r)
                for r in range(i, j + 1))
    return e, root
```

பெயர்களின் எண்ணிக்கைகள் `p[1]` முதல் `p[n]` வரை. `p[0]` வெறும் இடம்பிடி. `q` என்ன என்பதற்குக் கீழே வருகிறேன், இப்போதைக்கு எல்லாம் பூச்சியம். நிகழ்தகவாக மாற்றி 0.12, 0.18 என்று கொடுக்காமல் எண்ணிக்கையை முழு எண்ணாகவே கொடுப்பது நல்லது. 60-க்கும் 62-க்கும் நடுவில் முடிவெடுக்கும் இடங்களில் தசமப் பிழை நுழைய விடக்கூடாது.

இந்த முறையின் வேர்கள் 1959-இல் கில்பர்ட், மூர் இருவரும் எழுதிய கட்டுரையில் இருக்கின்றன. அவர்கள் பார்த்தது அகர வரிசை குலையாத குறியீடுகளை. n பெயர்களுக்கு வேலை n³ அளவில் வளர்ந்தது. 1971-இல் டொனால்ட் கனூத் அதை n² அளவுக்குக் குறைத்தார். அவர் காட்டியது இதுதான்: ஒரு தொடரின் வலப்பக்கத்தில் ஒரு பெயரைக் கூட்டினால் மிகச் சிறந்த வேர் இடப்பக்கம் நகரத் தேவையில்லை. இடப்பக்கத்தில் கூட்டினால் வலப்பக்கம் நகரத் தேவையில்லை. நம் உதாரணத்தில் முதல் நான்கின் வேர் இரண்டாம் பெயர், கடைசி நான்கின் வேர் நான்காம் பெயர். ஆகவே ஐந்தின் வேரை இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் தேடினால் போதும், அச்சுவேலியையும் பருத்தித்துறையையும் முயன்று பார்க்கவே வேண்டாம். நிரலில் `size` ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும்போது `range(i, j + 1)` என்பதை `range(root[i][j-1], root[i+1][j] + 1)` என்று மாற்றினால் முடிந்தது. ஆயிரம் பெயர்களுக்கு முதல் வடிவம் 16 கோடிக்கு மேற்பட்ட வேர்களை முயன்று பார்க்கும். மாற்றிய வடிவம் 15 இலட்சத்துக்குள் முடித்துவிடும். இந்தச் சுருக்கம் எந்த வகைக் கணக்குகளுக்கெல்லாம் செல்லும் என்பதைப் பின்னர் 1980-இல் பிரான்சிஸ் யாவ் பொதுவாக நிறுவினார்.

இனி `q`. பலர் இதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு நடைமுறையில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். எல்லாத் தேடலும் வெற்றியில் முடியாது. பட்டியலில் இல்லாத பெயரைத் தேடுபவருக்கும் மரம் ஒப்பீடுகளைச் செலவழித்துத்தான் ‘இல்லை’ என்று சொல்கிறது. அந்தப் பெயர் அகர வரிசையில் எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் விழுகிறது என்பதைப் பொறுத்து, எத்தனை ஒப்பீடு என்பது மாறும். ஐந்து பெயர்களுக்கு ஆறு இடைவெளிகள்: முதல் பெயருக்கு முன், ஒவ்வொரு பெயருக்கும் நடுவில், கடைசிப் பெயருக்குப் பின். ஒவ்வோர் இடைவெளியிலும் எத்தனை தேடல்கள் தோற்றன என்பதுதான் `q[0]` முதல் `q[5]` வரை.

எங்கள் 194 மரத்தில் காரைநகருக்கும் கொடிகாமத்துக்கும் நடுவில் விழும் ஒரு தேடல் சாவகச்சேரி, காரைநகர், கொடிகாமம் என்று மூன்று ஒப்பீடுகளைச் செலவழிக்கும். கொடிகாமத்தை வேராகக் கொண்ட முதல் மரத்தில் அதே தேடலுக்கு இரண்டு போதும். அந்த இடைவெளியில் தோற்கும் தேடல்கள் 36-ஐத் தாண்டினால் 230 + 2q என்பது 194 + 3q-ஐவிடச் சிறிதாகிவிடும். 40 தோல்விகள் என்று வைத்து நிரலை ஓட்டினால் பழைய மரத்துக்கு 314, கொடிகாமத்தை வேராக வைத்த மரத்துக்கு 310. ஐந்து ஊர்களிலும் மிகக் குறைவாகக் கேட்கப்பட்ட கொடிகாமம் உச்சிக்கு ஏறிவிட்டது!

கணக்கு சரிதான். ஆனால் அந்த 40 யார் என்று கேட்காமல் அந்த மரத்தை ஏற்றுக்கொள்ளக்கூடாது. அந்த இடைவெளியில் நியாயமாக விழக்கூடிய ஊர் கீரிமலை. அகர வரிசையில் காரைநகருக்குப் பிறகு, கொடிகாமத்துக்கு முன். ஆடி அமாவாசையை ஒட்டி அதைத் தேடுபவர்கள் கூடுவார்கள், எங்கள் ஐந்தில் அது இல்லை. அப்படியானால் செய்ய வேண்டியது பட்டியலில் கீரிமலையைச் சேர்ப்பது. ஆனால் அதே இடைவெளியில் இன்னொரு கூட்டமும் விழும். அவர்கள் கேட்டது கொடிகாமத்தைத்தான்.

இது எழுத்துக் குறியீட்டின் விவகாரம். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், U+0BCA. எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக, U+0BC6, U+0BBE என்றும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘கொ’ என்றே தெரியும், கண்ணால் வேறுபாடு காண முடியாது. இங்கே பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர். அதில் ‘கொ’ வர `nfh` என்று மூன்று விசைகள்: கொம்பு, ககரம், கால். அந்தப் பழக்கத்தில் எழுதிய பழைய கோப்புகளைக் கவனமில்லாத மாற்றி ஒன்றால் யூனிகோடாக்கினால் கொம்பும் காலும் பிரிந்தபடியே வந்து சேரும். ஒப்பிடும் நிரல் குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்குமானால் அதற்கு இது வேறு சொல். 0BC6 என்பது காரைநகரில் வரும் 0BBE-ஐவிடப் பெரிது, 0BCA-ஐவிடச் சிறிது. அதனால் பிரிந்த ‘கொடிகாமம்’ சரியாகக் காரைநகருக்கும் உண்மையான கொடிகாமத்துக்கும் நடுவில் போய் விழுந்து ‘இல்லை’ என்ற பதிலைப் பெறும்.

இடைவெளி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கீரிமலைக்காரரையும் கொடிகாமத்துக்காரரையும் பிரித்தறிய முடியாது. தோற்ற தேடல்களின் சொற்களை அப்படியே பதிந்து வைத்திருக்க வேண்டும். பிறகு பட்டியலில் உள்ள பெயரைப் போலவே தோன்றும் தோல்வி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதன் நீளத்தைக் கேளுங்கள். பைதானில் சரியான கொடிகாமத்துக்கு `len()` 9 என்று சொல்லும், பிரிந்ததற்கு 10. தீர்வு எளிது: பதியும்போதும் தேடும்போதும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நாற்பதும் பிரிந்த கொடிகாமமாகவே இருந்தன என்று வைத்து, திருத்திய பிறகு திரும்பவும் கணக்குப் போடுவோம். கொடிகாமத்தின் எண்ணிக்கை இப்போது 50, இடைவெளியில் பூச்சியம். மிகச் சிறந்த மரத்தில் கொடிகாமமே வேர், செலவு 270. தோல்விகளோடு 310 கொடுத்த மரத்தின் அதே வடிவம்தான் இது. ஆனால் அப்போது நாற்பது பேர் பதில் இல்லாமல் திரும்பினார்கள், இப்போது முதல் ஒப்பீட்டிலேயே பஸ் நேரத்தைப் பெறுகிறார்கள். இடைவெளி எண்களை எடுத்திராவிட்டால் அந்த ஊருக்குப் பத்துப் பேர்தான் போகிறார்கள் என்று பதிவேடு சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

இதே வகையில் இன்னொரு பிழையும் வரும். மரம் கட்டும்போது பின்பற்றிய வரிசையும் தேடும்போது ஒப்பிடும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ் அகராதி வரிசையில் மெய்யெழுத்து அகரமேறிய எழுத்துக்கு முந்தியது. ஆகவே வல்வெட்டித்துறை முதலில், வலிகாமம் பிறகு. குறியீட்டு எண் வரிசையில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பிந்தியது. அங்கே வலிகாமம் முதலில் வரும். னகரமும் அப்படியே: அகராதியில் கடைசி, யூனிகோடில் நகரத்துக்கு அடுத்து. கையால் அகராதிப்படி அடுக்கிய பட்டியலைக் கொடுத்து மரத்தைக் கட்டி, குறியீட்டு எண்ணால் ஒப்பிட்டுத் தேடினால், இருக்கும் பெயரே இல்லை என்று பதில் வரும். டைனமிக் புரோகிராமிங் பகுதி இதைக் கண்டுபிடிக்காது. அது எண்ணிக்கைகளை மட்டும் பார்க்கிறது, பெயர்களைப் பார்ப்பதே இல்லை. கட்டி முடித்தவுடன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை தேடிப் பார்ப்பதுதான் ஒரே காவல். எங்கள் ஐந்து பெயர்களுக்கும் இரண்டு வரிசையும் ஒன்றாகவே அமைவதால் இந்தச் சோதனையில் அவை தப்பிவிடும். பெரிய பட்டியல்கள் தப்புவதில்லை.

பட்டியல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? நேரத்தைவிட நினைவகம் முதலில் முட்டும். பத்தாயிரம் பெயர்களுக்கு 5 கோடி அறைகள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றாலும் ஓர் அட்டவணைக்கு 20 கோடி பைட், அதுவும் செலவுக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். அந்த அளவில் பலர் தோராய முறைக்குப் போய்விடுகிறார்கள். இருபுறமும் உள்ள எண்ணிக்கைகளின் கூட்டல் முடிந்தவரை சமமாக வரும் பெயரை வேராக எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அதையே திரும்பச் செய்வது அது. மேல்ஹோர்ன் 1975-இல் இது உச்ச விடைக்கு எவ்வளவு அருகில் நிற்கும் என்று எல்லை வகுத்தார். எங்கள் முதல் உதாரணத்தில் அது அச்சொட்டாக 194 மரத்தையே தருகிறது: சாவகச்சேரியின் இடப்பக்கம் 40, வலப்பக்கம் 32. ஆனால் 30, 1, 30 என்று மூன்று பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். சமமாகப் பிரிக்கிறேன் என்று நடுவில் உள்ள ஒற்றை எண்ணிக்கைப் பெயரை வேராக்கி 121 செலவழிக்கும். 30 உள்ள ஒன்றை வேராக்கினால் 93 போதும். பெரிய எண்களுக்கு நடுவில் சிறு பெயர்கள் செருகிக் கிடக்கும் பட்டியல்களில் இந்தத் தோராயத்தை அப்படியே நம்பாமல், சில நூறு பெயர்களை எடுத்து அட்டவணை முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

குறுகிய காலப் பதிவை வைத்துக் கட்டும்போது இன்னொரு சிக்கல். ஒரு தடவைகூடக் கேட்கப்படாத பெயரின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்கும். பூச்சியம் உள்ள பெயர் எந்த ஆழத்தில் இருந்தாலும் செலவு மாறாது என்பதால் நிரல் அதை எங்கு வேண்டுமானாலும் புதைத்துவிடும். பூச்சியங்கள் பல அடுத்தடுத்து வந்தால் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்ட சங்கிலியாகவே தொங்கலாம். மேலே தந்த நிரல் சமநிலையில் சிறிய `r`-ஐத் தேர்வதால் அப்படித்தான் செய்யும். ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றைக் கூட்டிவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் அந்தச் சங்கிலி சமமாகப் பிரிந்துவிடும், மற்ற இடங்களில் பெரிய மாற்றம் வராது.

இந்த மரம் தானாக மாறாது. நல்லூர்த் திருவிழாக் காலத்துத் தேடலும் பள்ளிக்கூட விடுமுறைத் தேடலும் ஒன்றல்ல. எண்ணிக்கைகள் நாளுக்கு நாள் புரளும் இடத்தில், தேடும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும் ஸ்பிளே மரம் பொருத்தமானது. சிலீட்டரும் டார்ஜனும் 1985-இல் கொடுத்தது. எண்ணிக்கைகள் மெதுவாக மாறும் இடத்தில் அவ்வப்போது கட்டிப் பார்த்தால் போதும். திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்பதற்கு ஊகம் தேவையில்லை. பழைய மரத்தின் மட்டங்களைப் புதிய எண்ணிக்கைகளால் பெருக்கிக் கூட்டுங்கள், புதிய அட்டவணையின் கடைசி அறையோடு ஒப்பிடுங்கள். கொடிகாமம் 50 ஆன பிறகு, சாவகச்சேரியை வேராகக் கொண்ட பழைய மரத்துக்கு 28 + 64 + 36 + 36 + 150, அதாவது 314. புதியதுக்கு 270. நூற்றுநாற்பது தேடல்களில் 44 ஒப்பீடுகள் மிச்சம் என்றால் மாற்றிக் கட்டலாம். இரண்டு மூன்றுதான் மிச்சம் என்றால் இருக்கும் மரமே இருந்துவிட்டுப் போகட்டும்.